கடை கேட்கிறது, நாம் சம்மதிக்கிறோம்

டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 15 ரூபாய் கொடுக்கிறோம். அன்று மாலையே வீட்டுக் கணினியில் ஒரு புத்தகக் கடையின் இணையதளத்தைத் திறந்து 640 ரூபாய்க்குப் புத்தகம் வாங்குகிறோம். இரண்டுக்கும் அதே செல்பேசி, அதே யுபிஐ செயலி, அதே பின் நம்பர். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. டீக்கடையில் கொடுக்கலைத் தொடங்கியது நாம். புத்தகக் கடையில், பணத்தைக் கேட்டு முதல் அடி எடுத்து வைத்தது கடை. யார் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து, நாம் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் மாறிவிடுகிறது.

முதலில் டீக்கடைக்கு வருவோம். அந்தக் கறுப்புக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி. செயலி அதைப் படித்தால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Tea+Kadai&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி. `pn` கடையின் பெயர். `cu` எந்த நாட்டுப் பணம் என்பது. தொகை இதில் இல்லை. அதை நாம்தான் தட்டுகிறோம். பெரிய கடைகளில் பில் போட்டதும் திரையில் தோன்றும் க்யூஆரில் மட்டும் `am` என்று தொகையும் சேர்ந்து வரும். எப்படி இருந்தாலும் அது வெறும் முகவரிப் பலகைதான். பலகையைப் பார்த்து நாம் போகிறோம். நாம் யார் என்று பணம் வரும்வரை கடைக்காரருக்குத் தெரியாது. அதனால் ஸ்கேன் செய்யும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘பலகை சரியான கடையைத்தான் காட்டுகிறதா?’ என்பதே. ஒருவர் அட்டையின் மேல் இன்னொருவர் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போவது நடக்கிற மோசடி. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் ஒருமுறை சொல்லிக் கேட்டுவிட்டால் அது உடனே தெரிந்துவிடும்.

புத்தகக் கடையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே நாம்தான் நம் முகவரியைக் கொடுக்கிறோம். பணம் கட்டும் பக்கத்தில் யுபிஐ ஐடி என்ற கட்டத்தில் நம்முடையதைத் தட்டுகிறோம். சரிபார்க்கும் பட்டனை அழுத்தினால் அந்த ஐடிக்கு உரியவரின் பெயர் வரும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஓர் எழுத்து மாறினால் அது வேறொருவருடைய ஐடியாக இருக்கலாம். கோரிக்கை முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய் நிற்கும்.

பெயர் சரியென்று தொடர்ந்தால், கடையின் வங்கி வழியாக 640 ரூபாய் கேட்டு ஒரு கோரிக்கை புறப்படுகிறது. இதற்குத்தான் கலெக்ட் ரிக்வெஸ்ட் என்று பெயர். யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, நம் ஐடியில் `@` குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறது. அந்த ஐடி எந்தச் செயலிக்கு உரியது என்பது அதில் தெரியும். கோரிக்கை அந்தச் செயலிக்குப் போகிறது. செல்பேசி சிணுங்குகிறது. கணினித் திரையில் கடையின் கடிகாரம் நிமிடங்களை இறங்குமுகமாக எண்ணத் தொடங்குகிறது.

இப்போது பந்து நம் பக்கம். நோட்டிஃபிகேஷனைத் தொட்டாலும் சரி, செயலியை நேரே திறந்து காத்திருக்கும் கோரிக்கைகளைப் பார்த்தாலும் சரி, ஒரே திரைதான் வரும். அதில் கேட்பவர் பெயர், அவருடைய யுபிஐ ஐடி, தொகை ஆகியவை இருக்கும். பெரும்பாலும் ஆர்டர் எண்ணோ ஒரு சிறு குறிப்போ கூடவே இருக்கும். கடை எழுதிய தொகையை நாம் மாற்ற முடியாது. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், பேசாமல் விட்டுவிடலாம். மறுத்தால் கடைக்குத் தகவல் போகும், ஆர்டர் நின்றுவிடும். விட்டுவிட்டால் நேரம் முடிந்து கோரிக்கை தானே காலாவதியாகும். இந்த மூன்றில் முதலாவதைத் தவிர வேறெதிலும் ஒரு பைசாவும் நகராது.

ஒப்புக்கொண்டால், எந்தக் கணக்கிலிருந்து என்று தேர்ந்தெடுத்துப் பின் நம்பரைப் போடுகிறோம். அந்த 4 அல்லது 6 இலக்கங்கள் செல்பேசியிலேயே குறியாக்கம் செய்யப்பட்டு நம் வங்கிக்குப் போகின்றன. அதைச் சரிபார்ப்பது நம் வங்கி. கடைக்கு அந்த நம்பர் எந்தக் கட்டத்திலும் தெரிவதில்லை. வங்கி சரியென்றதும் நம் கணக்கில் பற்று, கடையின் கணக்கில் வரவு, கணினித் திரையில் ஆர்டர் உறுதியான செய்தி. கடை கேட்டதால் பணம் போய்விடவில்லை. நாம் பின் போட்டதால்தான் போனது.

இந்த வழியில் அதிகம் சிக்கல் தருவது நேரம். எனக்கே ஒருமுறை நடந்தது. செல்பேசி பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்தது. எடுத்துவந்து பின் போடும்போது இணையதளத்தின் கடிகாரம் முடியும் தறுவாயில் இருந்தது. கணினியில் ‘தோல்வி’ என்று வந்தது. செல்பேசியிலோ பணம் எடுக்கப்பட்டதாக வங்கியின் எஸ்எம்எஸ். உடனே மறுபடி கட்டத்தான் கை போனது. அப்படிச் செய்யக் கூடாது. முதலில் செயலியின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தக் கொடுக்கலின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடையிடமும் வங்கியிடமும் பேச அதுவே ஆதாரம். கணக்கில் பணம் போய், கடைக்கு உறுதி போகாமல் நின்றிருந்தால், அந்தத் தேதியிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதி வகுத்தது. எனக்கு மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்தது.

இன்னொரு சிக்கல் மோசடி. பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தவருக்கு ஓர் அழைப்பு வரும். “பணம் அனுப்பிட்டேன் சார், ஏத்துக்கிட்டுப் பின் போடுங்க, உங்க கணக்குக்கு வந்துடும்” என்பார் எதிர்முனைக்காரர். உண்மையில் அவர் அனுப்பியது பணமல்ல, கோரிக்கை. பின் போட்டால் விற்பவரின் கணக்கு குறையும். இப்படிப் பலர் ஏமாந்ததால், ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்தத் தடை வணிகர்களின் கோரிக்கையைத் தொடவில்லை. ஆனாலும் இணையக் கடைகள் இப்போது கணினியில் க்யூஆர் படத்தையும், செல்பேசியில் நேராகச் செயலியைத் திறக்கும் வழியையும்தான் அதிகம் முன்வைக்கின்றன. ஐடியைத் தட்டும் வேலையும் அதில் வரும் பிழையும் அங்கே இல்லை.

இருந்தும் கடையின் பெயரில் ஒரு கோரிக்கை வந்து நின்றால் என்ன செய்வது? ஸ்கேன் செய்யும்போது ‘இது யாருக்குப் போகிறது?’ என்று பார்க்கிறோம். கோரிக்கை வரும்போது அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ‘இதை நான் சற்றுமுன் வாங்கினேனா?’ 640 ரூபாய்க்குப் புத்தகம் எடுத்து, நம் ஐடியைத் தட்டி, அந்தப் பக்கம் இன்னும் கண்ணெதிரே திறந்திருக்கிறது. பெயரும் தொகையும் அதோடு பொருந்துகின்றன என்றால் பின் போடலாம். நாம் எதையும் வாங்காதபோது வந்தால், எவ்வளவு பழகிய பெயராக இருந்தாலும் மறுக்கலாம். மறுப்பதால் நம் பணம் எங்கும் போகாது. உண்மையான கடையாக இருந்தால் மறுபடியும் கேட்கும்.