ஹால் டிக்கெட்டில் படமோ கையெழுத்தோ மாறியிருந்தால்

2025ஆம் ஆண்டின் நீட் தேர்வுக்கான ஹால் டிக்கெட் ஏப்ரல் 30 அன்று வெளியானது. தேர்வு மே 4 அன்று நடந்தது. இடைப்பட்ட நாள்களில் ஒன்று மே தின விடுமுறை, மற்றொன்று சனிக்கிழமை என்பதால், படத்திலோ கையெழுத்திலோ பிழை கண்ட மாணவருக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. அந்த அவகாசத்தில் திருத்திய ஹால் டிக்கெட்டைப் பெற்றே தீர வேண்டும் என்று பெற்றோர் அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் தேசியத் தேர்வு முகமையின் தகவல் கையேடு வேறு வழியைச் சொல்கிறது: பிழையை உதவி மையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும், தரவிறக்கிய ஹால் டிக்கெட்டைக் கொண்டே தேர்வை எழுதலாம், பதிவேட்டிலுள்ள பிழையை முகமை பின்னர் திருத்தும். எனவே மாணவர் முதலில் தேட வேண்டியது புதிய தாளை அன்று, பிழையை முன்கூட்டியே தெரிவித்ததற்கான எழுத்துச் சான்றையே.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை அறிய உறுதிப்படுத்தல் பக்கம் உதவும். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துக் கட்டணம் செலுத்தியபின் கிடைக்கும் இப்பக்கத்தில், பதிவேற்றிய படமும் கையெழுத்தும் அப்படியே இருக்கும். அதில் சரியாக இருந்து ஹால் டிக்கெட்டில் மட்டும் மாறியிருந்தால், தவறு முகமையின் பக்கத்தில் நேர்ந்தது என்று காட்டுவது எளிது. இரண்டிலும் ஒரே பிழை இருந்தால், பதிவேற்றும்போதே தவறு நேர்ந்திருக்கிறது. ஒரே நாளில் பலருடைய விண்ணப்பங்களை நிரப்பும் இணைய மையங்களில், ஒருவருடைய கோப்பு மற்றவருடைய விண்ணப்பத்தில் ஏறிவிடுவதும், கையெழுத்துக்கான கட்டத்தில் படம் ஏறிவிடுவதும் இவ்வாறுதான்.

ஒரு மாணவியின் ஹால் டிக்கெட்டில் அவருடைய படம் சரியாக இருந்து, கையெழுத்து மட்டும் தந்தையுடையதாக இருப்பதாகக் கொள்வோம். அவர் விண்ணப்ப எண், பெயர், பிறந்த தேதி ஆகியவற்றுடன், பதிவேற்றிய கையெழுத்து தவறுதலாகத் தந்தையுடையது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதி, ஹால் டிக்கெட், உறுதிப்படுத்தல் பக்கம், அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களையும் வெள்ளைத் தாளில் இட்ட தம் கையெழுத்தையும் இணைத்து, அவ்வாண்டின் கையேட்டில் தரப்பட்டுள்ள மின்னஞ்சல் முகவரிக்கு, விண்ணப்பத்தில் பதிந்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும். 011-40759000 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். ஆனால் பேச்சு மட்டும் சான்றாகாது என்பதால், பேசிய தேதியையும் நேரத்தையும் அதே மின்னஞ்சல் தொடரில் குறிப்பிடுவது நல்லது. தேர்வறையில் அவர் தந்தையின் கையெழுத்தைப் பார்த்து வரையக் கூடாது. அது பிழையை மோசடியாக மாற்றிவிடும். ஹால் டிக்கெட்டில் அறைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் இட வேண்டிய கையொப்பத்தை அவர் தம் இயல்பான கையெழுத்திலேயே இட வேண்டும்.

படம் வேறொருவருடையதாக இருந்தால் நிலைமை இதைவிடக் கடுமையானது, ஏனெனில் ஆள்மாறாட்டம், அதாவது ஒருவருக்காக மற்றொருவர் தேர்வெழுதுவது, என்ற ஐயம் உடனே எழும். அச்சிட்ட படத்தின்மேல் தம் படத்தை ஒட்டுவதும், கோப்பையே கணினியில் திருத்தி அச்சிடுவதும் இங்கே பெருந்தீங்காக முடியும். மாணவரின் விவரங்கள் தேர்வு மையத்தின் வருகைப் பதிவேட்டிலும் இருக்கும் என்பதால், கையிலுள்ள தாளை மாற்றுவதால் பதிவு மாறாது. இரண்டும் முரண்படுவது மட்டுமே மிஞ்சும். முகமைக்கு அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி, அசல் ஆதார் அட்டை, படத்துடன் கூடிய 12ஆம் வகுப்பு ஹால் டிக்கெட், கூடுதல் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆகியவற்றுடன், நுழைவாயில் மூடப்படும் பிற்பகல் 1.30 மணிக்கு வெகுமுன்பே மையத்தை அடைந்து, மையக் கண்காணிப்பாளரிடம் தாமாகவே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு. கண்காணிப்பாளர் கண்டுபிடித்தபின் விளக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு பெரிது.

இந்த நடைமுறை எல்லாத் தேர்வுகளுக்கும் பொருந்தாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில், ஹால் டிக்கெட்டில் படம் இல்லாமலோ தெளிவற்றோ தேர்வரின் தோற்றத்துடன் பொருந்தாமலோ இருந்தால், வெள்ளைத் தாளில் பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஒட்டி, பெயர், முகவரி, பதிவெண் எழுதிக் கையொப்பமிட்டு, ஹால் டிக்கெட் நகலையும் அடையாள அட்டை நகலையும் இணைத்து, முதன்மைக் கண்காணிப்பாளரின் மேலொப்பத்துடன் அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையமே வழி வகுத்திருக்கிறது. மத்தியப் பணியாளர் தேர்வாணையமோ, படம் தெளிவாக இல்லாதவர்கள் அமர்வுக்கு ஒன்றாகப் படங்களையும், அடையாள அட்டையையும், உறுதிமொழிக் கடிதத்தையும் கொண்டுவரச் சொல்கிறது. அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் வாங்க ஓடுமுன், அந்தத் தேர்வின் அறிவுறுத்தல் அதைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும்.

நீட் தேர்வைப் பொறுத்தவரை, தேர்வு முடிந்தவுடன் பிழை தானாகத் திருந்திவிடும் என்று எண்ணியிருக்கலாகாது. மதிப்பெண் அட்டையிலும் மாணவரின் படம் இடம்பெறும். கலந்தாய்வுக்குப் பின் சேர்க்கையின்போது ஹால் டிக்கெட்டையும் மதிப்பெண் அட்டையையும் கல்லூரி ஒப்பிட்டுப் பார்க்கும். முகமையிடமிருந்து பதில் வராவிட்டால், பழைய மின்னஞ்சல் தொடரிலேயே மீண்டும் எழுதி, மதிப்பெண் அட்டை வெளியான அன்றே படத்தைச் சரிபார்த்து, சேர்க்கை முடியும்வரை அந்தக் கடிதத் தொடர் முழுவதையும் அச்சிட்டு வைத்திருக்க வேண்டும்.