2,630 ரூபாய், மூன்று கடைகள், ஒரு பைசா

இணையச் சந்தை ஒன்றில் ஒரு வாடிக்கையாளர் ஒரே கூடையில் மூன்று பொருள்களைப் போடுகிறார். சின்னாளப்பட்டி விற்பனையாளரின் சேலை 2,100 ரூபாய், குன்னூர்க்காரரின் தேயிலை 420, ஈரோட்டுக்காரரின் மஞ்சள்தூள் 210. மொத்தம் 2,730 ரூபாய். சந்தை கொடுத்த 100 ரூபாய் கூப்பனைக் கழித்து, கார்டில் 2,630 ரூபாய் கட்டுகிறார். அவருக்கு இது ஒரே பில். அந்தப் பணம் மூன்று பேருக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது? விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அது.

பணம் கட்டிய அந்த நொடியிலேயே துண்டு துண்டாகப் பிரிந்து மூன்று வங்கிக் கணக்குகளுக்கும் ஓடிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முதலில் பிரிவது பேரேட்டில்தான். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அன்றே எழுதப்படுகிறது, பணம் நகர்வது பல நாள் கழித்து. இடைப்பட்ட நாள்களில் அது எஸ்க்ரோ கணக்கில் இருக்கும். பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அப்படி ஒரு வங்கிக் கணக்கில்தான் அதை வைத்திருக்க வேண்டும், சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சந்தையே வசூல் வேலையையும் செய்வதானால், அதைத் தனித் தொழிலாகப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னது. சந்தை நாளை நொடித்துப்போனாலும் சேலைக்காரரின் பணம் சந்தையின் கடன்காரர்களிடம் போய்விடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

சேலைக் கணக்கைப் பார்ப்போம். 2,100 ரூபாயில் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். ஆகவே பொருளின் மதிப்பு 2,000, வரி 100. இந்தச் சந்தை விற்பனை விலையில் 10 சதவீதம் கமிஷன் எடுப்பதாகக் கொள்வோம்: 210 ரூபாய். கமிஷன் ஒரு சேவைக்கான கட்டணம் என்பதால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 37.80. இவை தவிர, சட்டப்படி சந்தை பிடிக்க வேண்டிய இரண்டு தொகைகள் உண்டு. ஒன்று ஜிஎஸ்டியின் டிசிஎஸ். 2024 ஜூலை 10 முதல் இது அரை சதவீதம், வரி நீங்கிய மதிப்பின்மேல் கணக்கிடுவது. இங்கே 10 ரூபாய். மற்றொன்று வருமான வரி டிடிஎஸ். 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம், இங்கே 2 ரூபாய். (பான் எண் கொடுத்த தனிநபருக்கு அந்தச் சந்தையில் ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் டிடிஎஸ் பிடிப்பதில்லை, நம் மூவரும் தாண்டியவர்கள்.) எல்லாம் போக, சேலைக்காரருக்கு 1,840.20. இதே முறையில் தேயிலைக்காரருக்கு 368.04, மஞ்சள்காரருக்கு 184.02.

இனி எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மூவரின் பங்கு 2,392.26. கமிஷன் 273. கமிஷன்மேல் வரி 49.14. பிடித்த வரிகள் 15.60. கூட்டினால் சரியாக 2,730. ஆனால் வாடிக்கையாளர் கட்டியது 2,630 மட்டுமே. குறையும் 100 ரூபாய், கூப்பன் கொடுத்த சந்தையின் கமிஷனிலிருந்து போக வேண்டும். பேமென்ட் கேட்வேயின் கட்டணமும் சந்தையின் செலவுதான். இந்த இடத்தில்தான் புதிய சந்தைகள் சறுக்குகின்றன. கேட்வே தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு அனுப்பிய தொகையைப் பார்த்து, அதையே மூன்றாகப் பங்கு போட்டுவிடுகிறார்கள். தன் விலையில் ஒரு பைசாகூடத் தள்ளுபடி தராத விற்பனையாளர், யாரோ கொடுத்த கூப்பனுக்குப் பணம் கட்டுகிறார். அவருக்கு அது தெரிவதுகூட இல்லை.

கூப்பனைச் சந்தையே ஏற்றாலும், அதை மூன்று பொருள்களுக்கும் பிரித்து எழுதியே ஆக வேண்டும். பொருள் திரும்பி வந்தால் எவ்வளவு திருப்பித் தருவது என்பதற்கு அதுதான் ஆதாரம். விலைகள் 10:2:1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. 100 ரூபாயை அப்படிப் பிரித்துப் பைசாவுக்கு முழுமையாக்கினால் 76.92, 15.38, 7.69 வரும். கூட்டினால் 99.99. ஒரு பைசாவைக் காணோம். வழக்கமான தீர்வு இது: எல்லாவற்றையும் கீழ்நோக்கி முழுமையாக்கிவிட்டு, மிஞ்சும் பைசாவை, வெட்டுப்பட்ட பின்னம் எதற்குப் பெரிதோ அதற்குக் கொடுப்பது. இங்கே அது தேயிலை. அதன் பங்கு 15.39 ஆகிறது. தொகைகளைத் தசமப் புள்ளியோடு சேமிக்காமல் பைசாக்களாக, முழு எண்ணாகச் சேமிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கணினியின் வழக்கமான மிதவைப் புள்ளிக் கணக்கில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். லட்சம் ஆர்டர்களுக்குப் பிறகு அந்த வால் எங்கே ஒட்டியது என்று தேடுவது பெரும் பாடு.

பட்டுவாடாவுக்கு வருவோம். இந்தச் சந்தையில் பொருள் கிடைத்த 7 நாள்களுக்குள் திருப்பித் தரலாம், பட்டுவாடா புதன்தோறும் என்று கொள்வோம். தேயிலை 5-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது, மஞ்சள் 6-ஆம் தேதி, சேலை 9-ஆம் தேதி. முதல் இரண்டின் கெடு 12, 13-ஆம் தேதிகளில் முடிகிறது. 14-ஆம் தேதி புதன், அவர்களுக்குப் பணம். சேலையின் கெடு 16 வரை இருப்பதால் சேலைக்காரருக்கு 21-ஆம் தேதிதான். ஒரே பில்லில் விற்றவர்களுக்கு வெவ்வேறு வாரங்களில் பணம் வருவது ஏமாற்று அல்ல. ஆனால் இந்தத் தேதிகளை முன்கூட்டியே காட்டாத சந்தை, விற்பனையாளருக்குக் கடமைப்பட்டதைச் செய்யவில்லை என்றே சொல்வேன். தறிக்கூலி சனிக்கிழமை கொடுக்க வேண்டியவருக்கு அந்தத் தேதி தெரிந்தாக வேண்டும்.

இப்போது, 11-ஆம் தேதியே வாடிக்கையாளர் தேயிலையைத் திருப்புவதாகக் கொள்வோம். அவருக்குச் சேர வேண்டியது 420 அல்ல, கூப்பன் பங்கு நீங்கிய 404.61. பேரேட்டில் பழைய வரிகளை அழிக்கக் கூடாது. எதிர்ப்பதிவு போட வேண்டும். விற்பனையாளரின் 368.04, கமிஷன் 42, அதன் வரி 7.56, பிடித்த வரிகள் 2.40 எல்லாம் திரும்புகின்றன. கூட்டினால் 420, கூப்பன் பங்கு 15.39 சந்தைக்குத் திரும்ப, மிச்சம் 404.61. பணம் இன்னும் எஸ்க்ரோவில் இருப்பதால் யாருக்கும் நோவில்லை. இதையே ஏதோ காரணத்தால் 18-ஆம் தேதி ஏற்றுக்கொண்டால், 368.04 ஏற்கெனவே குன்னூர் போய்விட்டது. அவர் கணக்கு மைனஸில் நிற்கும், அடுத்த பட்டுவாடாவில் கழியும். அடுத்த விற்பனையே இல்லை என்றால் அது சந்தையின் வாராக்கடன்.

இதைவிட மோசமானது இரட்டைப் பட்டுவாடா. வங்கிக்கு அனுப்பிய கட்டளைக்குப் பதில் வரவில்லை, தோல்வி என்று எண்ணிப் புதுக் கட்டளை அனுப்புகிறார்கள், இரண்டுமே நிறைவேறுகின்றன. மறுமுறை அனுப்பும்போது முதல் கட்டளையின் அதே குறிப்பெண்ணை அனுப்பினால், அதைச் சரிபார்க்கும் வங்கி இரண்டாவதை நிராகரிக்கும். பதில் வராத கட்டளையைத் தோல்வி என எழுதாமல், யுடிஆர் எண் கிடைக்கும் வரை நிலுவையில் வைக்க வேண்டும். தவறு நடந்ததைக் கண்டுபிடிக்க உறுதியான வழி தினசரி ஒப்பீடுதான்: எஸ்க்ரோவின் வங்கி இருப்பும், அதிலிருந்து கொடுக்க வேண்டியவை என்று பேரேடு சொல்லும் தொகைகளின் கூட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரட்டிப்பாய்ப் போன பணம் அன்றே அங்கே பள்ளமாகத் தெரியும்.

விற்பனையாளர் தன் பக்கத்தில் பார்க்க வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. சேலையில் பிடித்த 10 ரூபாய் டிசிஎஸ் செலவு அல்ல, அவர் பணம். சந்தை அதை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் காட்ட வேண்டும். பிறகு விற்பனையாளர் ஜிஎஸ்டி தளத்தில் அதை ஏற்றுக்கொண்டால் அவருடைய மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகும். 2 ரூபாய் டிடிஎஸ் படிவம் 26ஏஎஸ்-இல் தெரியும். மாதம் 500 சேலை விற்பவருக்கு டிசிஎஸ் மட்டும் 5,000 ரூபாய். ஏற்றுக்கொள்ளாதவரை அது அந்தத் தளத்திலேயே கிடக்கும்.