மூன்றாவது வரியில் மறைந்த ஷார்ப்

சனிக்கிழமை மாலை குவையர் பயிற்சி. டெனர் பாடும் தம்பி ஒருவர் கைபேசியை நீட்டி, "அண்ணே, நீங்க அனுப்பின ஆடியோல மூணாவது வரி கடைசில என்னமோ இடிக்குது, நான் சரியாத்தான் பாடுறேனா?" என்று கேட்டார். அவர் சரியாகத்தான் பாடினார். தவறு நான் அனுப்பிய ஒலியில் இருந்தது. பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினியிடம் கொடுத்து, அது படித்துத் தந்ததைச் சரிபார்க்காமல் அப்படியே நால்வருக்கும் அனுப்பியிருந்தேன்.

பாட்டு 'ஓல்ட் ஹன்ட்ரட்'. 1551-இல் ஜெனிவா சங்கீதப் புத்தகத்தில் வந்த மெட்டு. லூயி பூர்ஷ்வா அமைத்தது என்பார்கள். தமிழ்த் திருச்சபைகளில் இந்த மெட்டை அறியாதவர்கள் குறைவு. ஜி மேஜர், வரிக்கு எட்டு ஸ்வரம், நான்கே வரி. இதைவிட எளிய பக்கத்தைக் கணினிக்குக் கொடுக்க முடியாது. அதிலும் மூன்று பிழைகள் வந்தன. அந்த மூன்றும் மூன்று வகை என்பதால், வேறு எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்பதற்கும் இவையே நல்ல மாதிரி.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பில் இசை கிடையாது. அது வெறும் புகைப்படம். ஸ்வரம் எது, கோடு எது, தூசி எது என்ற விவரம் அதற்குள் எங்கும் இல்லை. அதனால்தான் மியூஸ்ஸ்கோர் போன்ற நொட்டேஷன் செயலியில் அதை நேராகத் திறக்க முடிவதில்லை. இடையில் ஒரு வாசிப்பான் வேண்டும். ஆடிவெரிஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் அப்படியொரு மென்பொருள். படத்தைப் படித்து, `.mxl` என்ற கோப்பாக எழுதித் தரும். அது மியூசிக் எக்ஸ்.எம்.எல். வகைக் கோப்பு. பெரும்பாலான நொட்டேஷன் செயலிகள் அதைத் திறக்கும், வாசித்தும் காட்டும்.

அந்த மென்பொருள் முதலில் தேடுவது ஸ்வரங்களை அல்ல, ஐந்து கோடுகளை. கோடு எவ்வளவு தடிமன், இரு கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்கிறது. பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் அந்த அளவுகோலை வைத்தே எடைபோடுகிறது. நம் பாட்டுப் புத்தகங்களில் ஐந்து கோடுகளின் மொத்த உயரம் சுமார் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கோடுகளுக்கு நடுவே 1.5 மில்லிமீட்டர். 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் அது சுமார் 18 பிக்சல். 150-இல் செய்தால் 9. ஒரு ஸ்வரம் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்பதன் வித்தியாசம் இதில் பாதி. அதாவது 150 டி.பி.ஐ.யில் வெறும் நாலரைப் பிக்சல். பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, புத்தகத்தின் தையல் பக்கம் கோடுகள் வளைந்திருந்தாலோ அந்த நாலரைப் பிக்சலும் தின்னப்பட்டுவிடும். 'ஜி' இருந்த இடத்தில் 'ஏ' வந்து உட்காரும். ஆகவே 300-க்குக் குறையாமல், பக்கத்தை நன்றாக அழுத்திப் பிடித்து, ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மென்பொருளில் பெரிதாக்கிக் கொடுப்பதில் பயனில்லை. இல்லாத விவரம் அதில் புதிதாக வந்துவிடாது.

இனி அந்தப் பிழைகள்.

முதலாவது, முதல் வரியின் கடைசி ஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கரும்புள்ளி. பழைய தாளில் இருக்கும் கறைதான். ஆனால் ஸ்வரத்தின் வலப்பக்கம் சரியான உயரத்தில் புள்ளி இருந்தால், இசையில் அதற்குப் பொருள் உண்டு. அந்த ஸ்வரத்தின் நீளம் அரை மடங்கு கூடும். ஒரு பீட் க்ராட்செட் ஒன்றரை பீட் ஆகிவிட்டது. மூன்று பீட் இருக்கவேண்டிய பாரில் மூன்றரை. இந்த வகைப் பிழைக்குப் பயப்பட வேண்டாம், ஏனென்றால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஆடிவெரிஸ் திரையில் கணக்கு ஒவ்வாத பாரின் பின்னணி இளஞ்சிவப்பாக மாறும். மியூஸ்ஸ்கோரில் பாரின் மேல் ஓரத்தில் சிறிய `+` அல்லது `-` நிற்கும். க்வேவர்களைச் சேர்க்கும் பட்டைக்கோடு மங்கிப்போய் அரை பீட் ஸ்வரங்கள் ஒரு பீட்டாக மாறுவதும், ஓய்வுக்குறி விட்டுப்போவதும் இதே குடும்பம். கூட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் எல்லாச் சிவப்பும் பிழையல்ல. ஞானப்பாட்டுகளில் இது மிக முக்கியம். 'ஓல்ட் ஹன்ட்ரட்' 4/4 தாளத்தில் அச்சான புத்தகங்களில் பாட்டு ஒற்றைப் பீட்டில் தொடங்கும். பிறகு நான்கு பீட் பார். வரி முடியும்போது மூன்று பீட், இரட்டைக் கோடு, அடுத்த வரியின் தொடக்கமாக மீண்டும் ஒரு பீட். ஒரே பாரை வரி முடிவுக்காக இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். மென்பொருளுக்கு இந்த வழக்கம் தெரியாது. மூன்று பீட் பாரைப் பார்த்து ஒரு பீட் காணவில்லை என்று நினைக்கும். சில சமயம் ஓய்வுக்குறி ஒன்றைச் செருகி நிரப்பியும் வைக்கும். வாசிக்கவிட்டால் ஒவ்வொரு வரி முடிவிலும் பாட்டு தடுக்கி விழும். மியூஸ்ஸ்கோரில் அந்தப் பாரின் `Measure Properties` திறந்து, `Actual` என்ற இடத்தில் உண்மையான நீளத்தைக் கொடுக்க வேண்டும். முதல் துண்டுக்கு 1/4, வரி முடிவுத் துண்டுக்கு 3/4. நான்கு வரிக்கும் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது பிழை பேஸ் குரலில். ஒரே ஐந்து கோட்டில் டெனரும் பேஸும் சேர்ந்து அச்சாகியிருக்கும். டெனரின் காம்பு மேல்நோக்கி, பேஸின் காம்பு கீழ்நோக்கி. இருவரும் ஒரே ஸ்வரம் பாடும் இடத்தில் ஒரே தலைக்கு இரண்டு காம்புகள். மென்பொருள் ஒரு தலையைக் கண்டு ஒரு ஸ்வரத்தைத்தான் எழுதியது. டெனருக்குக் கொடுத்தது, பேஸ் அங்கே ஊமையாகிவிட்டது. நான்கு பேரும் சேர்ந்து ஒலிக்கும்போது இது காதில் படவே படாது, ஏனென்றால் அந்த ஸ்வரம் எப்படியும் ஒலிக்கிறதே. பேஸ் பாடுபவர் தன் பகுதியை மட்டும் தனியாகக் கேட்கும்போதுதான் ஓட்டை தெரியும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறேன். வரிக்கு எட்டு பீட், நான்கு வரி, ஆக 32. ஒவ்வொரு குரலும், நடுவில் க்வேவர் வந்தாலும் வராவிட்டாலும், 32 பீட் ஒலிக்க வேண்டும். வரி முடிவில் அச்சாகும் நிறுத்தக் குறியை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் கூட்டிப் பார்த்தபோது சோப்ரானோ, ஆல்டோ, டெனர் 32. பேஸ் 31.

மூன்றாவது பிழைதான் அந்தத் தம்பி கேட்டது. இதுதான் என்னை உண்மையிலேயே கலங்கவைத்த பிழை. பாட்டு இரண்டு அடுக்காக அச்சாகியிருந்தது. மேல் அடுக்கில் முதல் இரண்டு வரி, கீழ் அடுக்கில் அடுத்த இரண்டு. ஒவ்வொரு அடுக்கின் தொடக்கத்திலும் ஜி மேஜருக்கான ஒற்றை ஷார்ப் உண்டு. மேல் அடுக்கில் அது சரியாகப் படிக்கப்பட்டது. கீழ் அடுக்கில் மை மங்கியிருந்ததால் மென்பொருளுக்கு அது தெரியவில்லை. ராகச் சாவி மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து 'எஃப் ஷார்ப்' எல்லாவற்றையும் சாதா 'எஃப்' ஆக்கிவிட்டது. இந்த மெட்டில் சோப்ரானோவுக்கு எஃப் ஷார்ப் வருவது இரண்டே இடத்தில். முதல் வரியின் மூன்றாவது ஸ்வரம், பிறகு மூன்றாவது வரியின் கடைசிக்கு முந்தைய ஸ்வரம். முதலாவது சரியாக ஒலித்ததால் நான் நிம்மதியாகிவிட்டேன். இரண்டாவது கெட்டுக் கிடந்தது. அரைச்சுரம் ஏறி 'ஜி'யில் போய்ச் சேர வேண்டிய வரி முழுச்சுரம் ஏறிச் சேர்ந்தது. டெனர் தன் பகுதியைப் பாடப் பாட, கூடவே ஒலித்த மெலடிதான் அவரை இடித்தது.

கவனியுங்கள்: இங்கே பீட் கணக்கு முழுக்கச் சரி. சிவப்பு இல்லை, `+` இல்லை, `-` இல்லை. ஸ்வரத்தின் உயரம் மாறினால் எந்த எண்ணும் மாறாது. மென்பொருளுக்குத் தவறு நடந்ததே தெரியாது. விட்டுப்போன ஷார்ப், நேச்சுரலாகப் படிக்கப்பட்ட ஷார்ப், மாறிப்போன கிளெஃப், ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் டை விட்டுப்போய் இரண்டு முறை ஒலிப்பது, எல்லாமே இந்த வகை. டெனருக்குத் தனி ஐந்து கோடு இருக்கும் பிரதிகளில் ஜி கிளெஃபின் அடியில் சின்னதாக 8 அச்சிட்டிருப்பார்கள். ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும் என்று பொருள். அந்த 8 விட்டுப்போனால் டெனர் சோப்ரானோவின் உயரத்தில் கீச்சிடும். அதையாவது உடனே கேட்டுவிடலாம். மற்றவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே இப்போது என் வரிசை இது. கோப்பைத் திறந்ததும் வாசிக்கவிடுவதில்லை. அச்சுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடுக்கின் இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்க்கிறேன். கிளெஃப், ஷார்ப், தாளக் குறி. அச்சில் ஷார்ப் இருக்கும் இடத்தில் திரையில் நேச்சுரல் குறி முளைத்திருந்தால் அதுவே சாட்சி. அன்று அந்த ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். அதன் பிறகு சிவப்புப் பார்களைத் திருத்தி, ஒவ்வொரு குரலின் பீட்டையும் கூட்டுகிறேன். கடைசியில்தான் காது. நான்கு குரலையும் சேர்த்துக் கேட்பதில்லை. `Selection Filter`-இல் ஒரு குரலை மட்டும் தேர்ந்தெடுத்துப் புதிய ஐந்து கோட்டில் ஒட்டி, பாதி வேகத்தில், விரலை அச்சுப் பக்கத்தில் வைத்தபடி கேட்கிறேன்.

பாடல் வரிகளை மென்பொருளிடம் விடுவதில்லை. இரண்டு ஐந்து கோடுகளுக்கு நடுவே நெருக்கி அச்சான தமிழ் எழுத்தை, அதுவும் ஒவ்வொரு ஸ்வரத்துக்குமாகப் பிரித்து ஹைஃபன் போட்டதை, திருத்தும் நேரத்தில் நாமே தட்டச்சு செய்துவிடலாம்.

ஒற்றைப் பக்கப் பாட்டுக்கு இவ்வளவும் சேர்த்து எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஸ்வரம் ஸ்வரமாக நானே உள்ளிட்டாலும் இந்தப் பாட்டுக்கு ஏறத்தாழ அதே நேரம்தான். மென்பொருளால் உண்மையான லாபம் எட்டு, பத்துப் பக்கம் ஓடும் ஆந்தம்களில்தான். தெளிவாக அச்சான பிரதியாகவும் அது இருக்க வேண்டும். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த பிரதிகளுக்கு இந்த வழியே வேண்டாம். ஆடிவெரிஸ் அச்சு இசைக்காகச் செய்யப்பட்டது.

குவையருக்குப் பயிற்சி ஒலி அனுப்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடுபவர் அதைக் கேட்டு மனப்பாடம் செய்கிறார். தவறான அரைச்சுரம் ஒரு வாரம் காதில் ஊறிவிட்டால், அதை மாற்ற இன்னும் இரண்டு சனிக்கிழமை போகும். அனுப்புவதற்கு முன் நான்கு குரலையும் தனித்தனியே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.