அச்சு நெளியுமா, தாங்குமா?

சைக்கிளின் இரண்டு பெடல்களையும் நாம் ஒரே மாதிரிதான் மிதிக்கிறோம். ஆனால் அவற்றை இணைக்கும் நடு அச்சுக்கு, அதாவது சைக்கிள் கடைக்காரர்கள் பி.பி. ஆக்சில் என்று சொல்லும் தண்டுக்கு, இரண்டும் ஒன்றல்ல. செயின் ஓடும் பல்சக்கரம் வலது கிராங்கோடு சேர்ந்தே இருப்பதால் வலது காலின் விசை அங்கிருந்தே செயினுக்குப் போய்விடும். இடது காலின் விசையோ அச்சின் ஊடாகப் போய்த்தான் வலப்பக்கத்தை அடைய வேண்டும். அப்படிப் போகும்போது அச்சை முறுக்குகிறது. பெடல் பேரிங்குக்கு வெளியே தள்ளி நிற்பதால் அதே மிதி அச்சை வளைக்கவும் செய்கிறது.

வளைவும் முறுக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழும் உறுப்பு தாங்குமா என்று எப்படிச் சொல்வது? எஃகு விற்பவர் தரும் சான்றிதழில் இதற்கு நேரடியான பதில் கிடையாது. ஒரு மாதிரித் தண்டை இரு முனையிலும் பிடித்து இழுத்தபோது எந்த அளவில் அது நிரந்தரமாக நீளத் தொடங்கியது என்ற எண் மட்டும் அதில் இருக்கும். அதைத்தான் யீல்டு வலிமை என்கிறார்கள். அந்த அளவுக்குள் நின்றால், விசையை எடுத்ததும் எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். தாண்டினால் திரும்பாது. நேராக இழுத்துக் கண்ட அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு, வளைந்தும் முறுக்கியும் கிடக்கும் உறுப்புக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் டிரெஸ்கா, மைசஸ் என்ற இருவரின் பெயரால் வழங்கும் இரண்டு விதிகள் இருக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். சுமார் 80 கிலோ எடையுள்ளவர் இடது பெடலில் முழு எடையையும் போட்டு நிற்கிறார். விசை 800 நியூட்டன். கிராங்க் படுக்கை வசத்தில் இருக்கிறது, நீளம் 170 மில்லிமீட்டர். இடது பேரிங்கிலிருந்து பெடலின் நடுப்பகுதி 90 மில்லிமீட்டர் வெளியே இருப்பதாகக் கொள்வோம். அச்சின் விட்டம் 16 மில்லிமீட்டர், எஃகின் யீல்டு வலிமை 360 மெகாபாஸ்கல் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன் விழுந்தால் அது ஒரு மெகாபாஸ்கல். ஆகவே 360 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள கம்பியில் ஏறக்குறைய 36 கிலோ தொங்குவதற்குச் சமம்.

முறுக்குத் திறன் 800 × 0.17 = 136 நியூட்டன் மீட்டர். வளைக்கும் திறன் 800 × 0.09 = 72 நியூட்டன் மீட்டர். பேரிங் இருக்கும் இடத்தில், அச்சின் மேற்பரப்பின் உச்சிப் புள்ளியைத்தான் சோதிக்க வேண்டும். வளைவால் வரும் இழுவை அங்குதான் அதிகம். முறுக்கால் வரும் சறுக்குத் தகைவும் மேற்பரப்பில்தான் உச்சத்தில் இருக்கும்.

σ = 32M/πd³ = 179
τ = 16T/πd³ = 169

இரண்டும் மெகாபாஸ்கலில். 179-ம் 360-க்கு வெகு கீழே, 169-ம் வெகு கீழே. தனித்தனியாகப் பார்ப்பவர் கவலையில்லை என்று எழுந்து போய்விடுவார். இன்னும் கொஞ்சம் கவனமானவர், அந்தப் புள்ளியில் எந்தத் திசையில் இழுவை மிக அதிகம் என்று தேடுவார். சாய்ந்த ஒரு திசையில் 281 மெகாபாஸ்கல் இழுவையும், அதற்குச் செங்குத்தான திசையில் 102 மெகாபாஸ்கல் அமுக்கமும் இருப்பது தெரியவரும். இவற்றை முதன்மைத் தகைவுகள் என்பார்கள். 281-ம் 360-ஐவிடக் குறைவுதான். ஆனாலும் இந்த அச்சு பாதுகாப்பானதல்ல.

காரணம், மிருதுவான எஃகு, செம்பு, அலுமினியம் போன்று இழுத்தால் நீளும் உலோகங்கள் நிரந்தரமாக உருமாறும் விதத்தில் இருக்கிறது. அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிய்ந்து போவதால் அவை நெளிவதில்லை. அடுக்கிய சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் வழுக்குவதுபோல, அணுத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. நேராக இழுக்கப்படும் தண்டிலும் உள்ளே நடப்பது 45 பாகைச் சாய்வில் நிகழும் சறுக்கல்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இழுவை எவ்வளவு என்பதல்ல. சறுக்க வைக்கும் தகைவு எவ்வளவு என்பதே.

பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டிரெஸ்கா 1864-இல் இந்தக் கேள்வியைத்தான் முன்வைத்தார். உலோகங்களை அச்சுத் துளைகளின் வழியாகப் பிதுக்கியும் துளையிட்டும் ஆராய்ந்த அவர், ஒரு புள்ளியின் மிகப் பெரிய சறுக்குத் தகைவு ஒரு வரம்பைத் தொடும்போது உலோகம் நெளியத் தொடங்கும் என்று வகுத்தார். மிகப் பெரிய சறுக்குத் தகைவு என்பது, மிக அதிகமான முதன்மைத் தகைவுக்கும் மிகக் குறைவானதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. நேர் இழுவைச் சோதனையில் ஒன்று 360, மற்றது பூஜ்யம், பாதி 180. அதுதான் நமது எஃகின் வரம்பு.

நமது அச்சில் 281-க்கும் −102-க்கும் உள்ள வித்தியாசம் 383. அமுக்கம் எதிர்க்குறியோடு வருவதால் இடைவெளி கூடிவிடுகிறது. அதில் பாதி 191, வரம்பான 180-ஐத் தாண்டுகிறது. டிரெஸ்காவின் தீர்ப்பு: அச்சு நெளியும்.

மற்ற விதி வேறு வழியில் போகிறது. சுமை ஏறிய உலோகத்தில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு கன அளவை மாற்றச் செலவாகிறது, மறு பங்கு வடிவத்தைக் கோணலாக்கச் செலவாகிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் உலோகம் சற்றே சுருங்கும். ஆனால் வடிவம் மாறாது, எதுவும் சறுக்காது, நெளிவும் இல்லை. ஆகவே முதல் பங்கைக் கழித்துவிட்டு, வடிவத்தைக் கோணலாக்கும் ஆற்றலை மட்டும் இழுவைச் சோதனையின் ஆற்றலோடு ஒப்பிட வேண்டும் என்பது இந்த விதி.

இதை 1904-இல் லுவோவ் நகரில் போலிஷ் மொழியில் எழுதியவர் ஹூபர். அதே நகரில் பிறந்த ரிச்சர்ட் ஃபான் மைசஸ், 1913-இல் வேறு வழியாக அதே சூத்திரத்துக்கு வந்தார். டிரெஸ்காவின் விதி மூலைகள் கொண்ட அறுகோணமாக அமைவதால் கணிதத்தில் கையாளச் சிரமமாக இருந்தது. மைசஸ் அதற்குப் பதிலாக வழவழப்பான ஒரு வளைகோட்டை முன்வைத்தார். ஆற்றல் விளக்கத்தை 1924-இல் ஹென்கி தந்தார். 1931-இல் டெய்லரும் குவின்னியும் மெல்லிய உலோகக் குழாய்களை இழுத்துக்கொண்டே முறுக்கிப் பார்த்தபோது, அளவீடுகள் டிரெஸ்காவைவிட மைசஸுக்கே நெருக்கமாக விழுந்தன. கணித வசதிக்காகப் போட்ட கோடு உண்மைக்கு அருகில் போய்விட்டது.

வளைவும் முறுக்கும் உள்ள தண்டுக்கு இரண்டு விதிகளும் இப்படிச் சுருங்கும்:

டிரெஸ்கா: √(σ² + 4τ²) = 383
மைசஸ்: √(σ² + 3τ²) = 343

இந்த ஈடான தகைவை நேரடியாக 360-ஓடு ஒப்பிட்டால் போதும். டிரெஸ்காவின்படி அச்சு நெளிகிறது. மைசஸின்படி இன்னும் ஐந்து சதவீதம் இடைவெளி மிச்சம். இருவரும் அதிகமாக முரண்படுவது முறுக்கு மட்டுமே உள்ள இடத்தில், அங்கே வித்தியாசம் சுமார் 15 சதவீதம். நேர் இழுவையில் வித்தியாசமே இல்லை. டிரெஸ்கா ஒருபோதும் மைசஸைவிடத் தாராளமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

யாரை நம்புவது? ஐந்து சதவீத இடைவெளியை நம்பி எந்தப் பொறியாளரும் அச்சைக் கடைக்கு அனுப்பமாட்டார். மேடு பள்ளத்தில் குதிக்கும்போது விசை உடல் எடையைத் தாண்டும். எஃகின் தரமும் வார்ப்புக்கு வார்ப்பு கொஞ்சம் மாறும். பாதுகாப்புக் காரணி 2 என்று வைத்தால் ஈடான தகைவு 180-க்குள் நிற்க வேண்டும். விட்டத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் தகைவு குறைவதால், மைசஸுக்கு 19.8 மில்லிமீட்டர் போதும், டிரெஸ்காவுக்கு 20.6 வேண்டும். நடைமுறையில் 20 அல்லது 21. இரு விதிகளின் வழக்கு கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்குள் முடிகிறது. விட்டத்தைக் கூட்ட இடமில்லையென்றால், வலிமையான எஃகை எடுத்து வெப்பப் பதப்படுத்துவது மாற்று வழி.

தவறு நடப்பது பெரும்பாலும் விதியைத் தேர்வதில் அல்ல, அதைப் பயன்படுத்துவதில். டிரெஸ்காவில் அடிக்கடி வரும் பிழை மூன்றாவது முதன்மைத் தகைவை மறப்பது. வாயு உருளையின் மெல்லிய சுவரில் சுற்றுவாக்கில் 200, நீளவாக்கில் 100 மெகாபாஸ்கல் இழுவை இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் கழித்து 100 என்று எழுதுபவர் ஏமாறுவார். சுவரின் தடிப்புத் திசையில் தகைவு ஏறக்குறைய பூஜ்யம். உண்மையான வித்தியாசம் 200-க்கும் பூஜ்யத்துக்கும் இடையிலானது. இதே சுவருக்கு மைசஸ் 173 என்று சொல்லும். பாதி மதிப்பை எழுதிவிட்டுப் பாதுகாப்பு இரட்டிப்பாக இருக்கிறது என்று நினைத்தால் விளைவு ஆபத்தானது.

இன்னொன்று, இந்த விதிகள் நீளும் உலோகங்களுக்கு மட்டுமே உரியவை. வார்ப்பிரும்பு நெளியாமல் நேராகவே உடைவது. அமுக்கத்தில் அது தாங்கும் அளவு இழுவையில் தாங்காது. அதற்கு வேறு விதிகள் இருக்கின்றன.

சைக்கிள் அச்சுக்கு மிக முக்கியமான வரம்பு சோர்வு முறிவு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 3,600 முறை இடது மிதி அச்சில் ஏறி இறங்குகிறது. யீல்டு வலிமைக்கு வெகு கீழே இருந்தாலும், காட்டர் பின் உட்காரும் பள்ளத்திலோ, விட்டம் மாறும் கூர்மூலையிலோ சிறு விரிசல் தொடங்கி மெல்ல வளரலாம். முறிந்த அச்சின் வெட்டுமுகத்தைப் பார்த்தே இதை அடையாளம் காணலாம். விரிசல் வளர்ந்த பகுதி வழவழப்பாகவும் அரைவட்ட வரிகளோடும், கடைசியில் அறுந்த பகுதி கரடுமுரடாகவும் இருக்கும். ஒரே மிதியில் நெளிந்த அச்சில் அந்த வரிகள் இருக்காது; தண்டு முறுக்கியோ வளைந்தோ கிடக்கும்.

இன்று கணினி மென்பொருள் நீலம் முதல் சிவப்பு வரை வண்ணம் தீட்டிக் காட்டும் படம் பெரும்பாலும் மைசஸ் தகைவுதான். அந்தப் படத்தைப் பார்ப்பவர் நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். உலோகம் நீளும் வகையா? மூன்று முதன்மைத் தகைவுகளும் கணக்கில் வந்தனவா? சுமை ஒருமுறை வருவதா, லட்சம் முறை வருவதா? பள்ளமும் மூலையும் படத்தில் உள்ளபடியே வரையப்பட்டனவா? இவற்றுக்குப் பதில் தெரிந்தபின் டிரெஸ்காவை எடுத்தாலும் சரி, மைசஸை எடுத்தாலும் சரி, கணக்கு உங்களைக் கைவிடாது.