ஒரு சார்ட்டில் இரண்டு பானைகள்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் மண்பானையைப் பற்றிய சார்ட் என்றால் பெரும்பாலும் தலைப்பு ‘ஆவியாதல்’ என்றிருக்கும். கீழே பாடப்புத்தகத்திலிருந்து இரண்டு பத்தி, ஓரத்தில் ஒரு பானைப் படம். உழைப்பு தெரியும். ஆனால் அந்த மாணவர் எதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார் என்பது தெரியாது.

‘பானையின் வெளிப்புறம் பெயிண்ட் அடித்துவிட்டால் தண்ணீர் குளிருமா?’ என்று கேட்டுப் பாருங்கள். இதைச் சோதித்துப் பார்க்கலாம். சார்ட்டின் உச்சியில், பத்தடி தள்ளி நிற்பவரும் படிக்கும்படி இந்தக் கேள்வியையே எழுதலாம். அடுத்து ஊகம், இரண்டே வரி: பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பெயிண்ட் அந்தத் துளைகளை அடைத்தால் குளிர்ச்சி குறையும்.

செய்முறையைப் பத்தியாக எழுதாமல் படமாக வரைவது நல்லது. ஒரே அளவிலான இரண்டு பானைகள், ஒவ்வொன்றிலும் 2 லிட்டர் தண்ணீர், ஒரே நிழல், ஒரே மாதிரி மூடி. மணிக்கொரு முறை தெர்மாமீட்டரில் வெப்பநிலை, தொடக்கத்திலும் கடைசியிலும் எடை. படத்தின் அருகில் ஒரு வரி அவசியம்: பெயிண்ட் அடிப்பதற்கு முந்தைய நாளே இரண்டு பானைகளையும் இதேபோல அளந்தோம். அந்த வரி இல்லையென்றால், வித்தியாசம் பெயிண்டால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று நடுவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

சார்ட்டின் நடுவில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக வரைபடம் இருக்கட்டும். கீழ் அச்சில் நேரம், பக்க அச்சில் வெப்பநிலை, இரண்டு நிறத்தில் இரண்டு கோடுகள். அதற்கு ‘வரைபடம் 1’ என்று பெயரிட்டால் பார்ப்பவருக்கு எதுவும் கிடைக்காது. பெயிண்ட் அடிக்காத பானையின் கோடு மட்டும் இறங்கியிருந்தால், ‘பெயிண்ட் அடிக்காத பானை மட்டுமே குளிர்ந்தது’ என்று அதையே தலைப்பாக்க வேண்டும். இரண்டும் இறங்கியிருந்தால் அதை எழுத வேண்டும். ஊகம் பொய்த்தாலும் முடிவு முடிவுதான்.

எடைக் குறைவுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். 20 கிராம் தண்ணீர் ஆவியாக, 2 லிட்டர் தண்ணீரைச் சுமார் 6 டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பம் போகிறது. வெளிக்காற்றின் சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் தெர்மாமீட்டரில் அவ்வளவு இறக்கம் தெரியாது.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. செய்முறையைக் கையால் மறைத்துவிட்டு, கேள்வியையும் முடிவையும் மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். கேள்வி பெயிண்டைப் பற்றியும் முடிவு ‘மண்பானை உடலுக்கு நல்லது’ என்றும் இருந்தால், இடையில் எங்கோ நூல் அறுந்திருக்கிறது.

மொத்தம் 250 சொற்கள் போதும். மிச்சத்தைப் பதிவு நோட்டில் எழுதி மேசைமேல் வைக்கலாம். ஆனால், ‘ஒரு ஜோடிப் பானையில்தான் சோதித்தோம், காற்றில் ஈரம் மிகுந்த நாளில் சோதிக்கவில்லை’ என்ற வரியை நோட்டுக்குத் தள்ளிவிடக் கூடாது. அதன் இடம் சார்ட்டில், முடிவுக்கு நேர் கீழே.