முதலில் ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் புடவைத் தளம். படியேறி வருகிறவரை நாலு பக்கமிருந்தும் ‘வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?’ என்ற குரல்கள் மொய்க்கின்றன. வாய் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, ‘சும்மா பாக்குறோம்’ என்று அவர் நழுவிவிடுகிறார். கேள்வியோடு வரவேற்றால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

கூட்ட நாளில் வழி சொன்னாலே போதும். ‘வாங்கம்மா. காட்டன் இந்தப் பக்கம், பட்டு உள்ளே. நிதானமா பாருங்க, வேணும்னா கூப்பிடுங்க.’ இதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொன்ன ஊழியரும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பின்னாலேயே நடந்தால் சொன்னது வீண்.

வந்தவர் ஒரு புடவையைத் தொட்டு விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறாரா? பேச வேண்டிய நேரம் அதுதான். பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது பட்ஜெட்டைக் கேட்டால் கூசிப்போவார். ‘யாருக்கும்மா எடுக்குறீங்க?’ என்று கேட்கலாம். ‘மாமியாருக்கு’ என்கிறார். அவர் தொட்டது 1,200 ரூபாய்ப் புடவை என்றால், பட்ஜெட் ஓரளவு தெரிந்துவிட்டது. 900, 1,200, 1,400 என்று மூன்றை மட்டும், விலை தெரியும்படி விரிக்கலாம். முப்பதைப் பிரித்துப் போட்டால், ‘இவ்வளவு எடுக்கவெச்சுட்டு எப்படி எழுந்து போறது’ என்று மனசு உறுத்தும். அந்த உறுத்தலில் வாங்கிய புடவைதான் பண்டிகை முடிந்ததும் பில்லோடு மாற்ற வரும்.

கூட இன்னொன்றை எடுத்துச் சொல்லலாம்; ஒன்றே ஒன்று, அதுவும் காரணத்தோடு. பண்டிகை நெருங்கிவிட்டால் பல தையல்காரர்கள் புது ஆர்டர் எடுப்பதில்லை. ‘பிளவுஸ் தைக்க ஆள் இருக்காம்மா? இல்லேன்னா ரெடிமேட் மேல் மாடியில இருக்கு.’ வேண்டாம் என்றால் ‘சரிம்மா’, அவ்வளவுதான். ‘கடைசி பீஸ்’ என்பதை உண்மையிலேயே கடைசியாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அதே டிசைனை அடுத்த நிமிடம் இன்னொருவருக்கு அலமாரியிலிருந்து எடுப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

‘பாத்துட்டு வரோம்’ என்று எழுந்தால் முகம் சுளிக்கக் கூடாது. ‘தாராளமா பாருங்க. வேணும்னா நாலு மணி வரைக்கும் இதைத் தனியா எடுத்து வெக்கிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி வைக்கவும் வேண்டும்.

இத்தனை வசனமும் ஊழியர் வாயில் வருமா என்பது முதலாளி கையில் இருக்கிறது. காலையிலிருந்து நின்று கால் கடுத்தவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய தடை, ஆளுக்கு ஆள் தனியாகக் கணக்கிடும் கமிஷன். அதைத் தளத்துக்கே பொதுவாக்கிப் பிரித்துக் கொடுத்தால், ‘நீங்க கேக்குற கலர் எதிர் செக்‌ஷன்ல இருக்கும்மா’ என்று ஊழியர் தயங்காமல் கைகாட்டுவார்.