லோகோவைத் தொட முடியாத இடத்தில் வையுங்கள்

ஒரு சிறு அறக்கட்டளைக்கு நோட்டீஸ், கடிதத்தாள் எல்லாம் ஒரே மாதிரி அமைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். மாலை நேர இலவச டியூஷனும் ஒரு வாசகசாலையும் நடத்துபவர்கள். டிசைனர் யாரும் கிடையாது. யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர் செய்வார்.

முதலில், இதுவரை அச்சடித்ததை எல்லாம் கொண்டுவந்து மேஜையில் பரப்பச் சொன்னேன். நான்கு வகைப் பச்சை. லோகோ ஒன்றில் குண்டாக, இன்னொன்றில் ஒல்லியாக. பழைய கடிதத்தின் கோப்பைத் திறந்தால் தலைப்பில் `mwf;fl;lis` என்று இருந்தது. அது ‘அறக்கட்டளை’தான். பாமினி எழுத்துருவில் தட்டியது; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். அதனால் லோகோவுக்கும் முன்னால் நாங்கள் முடிவு செய்தது எழுத்துருவை.

யூனிகோடாக இருக்க வேண்டும், காசு கேட்கக் கூடாது, தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே கை எழுதியது போல இருக்க வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் Hind Madurai, Mukta Malar, Catamaran மூன்றும் இதற்குப் பொருந்தும். Hind Madurai எடுத்துக்கொண்டோம். தலைப்புக்குத் தடிப்பு, மற்றதற்குச் சாதாரணம், அவ்வளவுதான். வரி இடைவெளியை 1.4 ஆக்கினோம். ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழில் மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரச் சுழியும் வருவதால், இடைவெளி குறைந்தால் மேல்வரியின் ‘மு’ கீழ்வரியின் ‘க்’ மீது உட்கார்ந்துவிடும்.

நிறத்தில்தான் வாக்குவாதம். அவர்களுக்கு மஞ்சள் பிடிக்கும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து படிக்க முடியாது என்று வாயால் சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைக் கணக்கிடும் இணையக் கருவிகள் உண்டு. சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை விதி. அவர்களுடைய மஞ்சள் `#F5C400` வெள்ளை மீது 1.6 தான் வந்தது. கரும்பச்சை `#1F4E3D` ஒன்பதைத் தாண்டியது. எழுத்து பச்சையில், மஞ்சள் வெறும் பட்டையாக என்று சமாதானம் ஆனது. கறுப்பு மட்டும் கொண்ட லோகோ ஒன்றும் வேண்டும். ரசீதுகள் ஜெராக்ஸுக்குத்தான் போகின்றன.

வார்ப்புருக்கள் இரண்டே இரண்டு: வேர்டில் கடிதத்தாள், பவர்பாயின்ட்டில் வாட்ஸப்புக்கான சதுர நோட்டீஸ். கடிதத்தாளில் லோகோ, பதிவு எண், முகவரி மூன்றையும் பக்கத்தின் ஹெடருக்குள் வைத்தோம். கடிதம் தட்டுகிறவர் கைதவறி அதை நகர்த்த முடியாது. நோட்டீஸில் இதே வேலையை Slide Master செய்கிறது. அங்கே வைத்த லோகோவும் பட்டையும் சாதாரணப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும், மவுஸுக்குச் சிக்காது. நிரப்புகிறவர் தொடக்கூடியவை தலைப்பு, தேதியும் இடமும், படம் என மூன்று பெட்டிகள் மட்டும். சேமிக்கும்போது `.docx`, `.pptx` என்று விடாமல் `.dotx`, `.potx` ஆகச் சேமிக்க வேண்டும். அப்போதுதான் இரட்டைச் சொடுக்கில் மூலம் திறக்காமல் புதிய நகல் திறக்கும். இல்லையென்றால் போன மாத நோட்டீஸ் மீதே இந்த மாதத்தை எழுதி, பழைய தேதியை மாற்ற மறப்பார்கள்.

தலைப்புப் பெட்டியின் அளவை ‘ஆண்டு விழா’ என்று எழுதிப் பார்த்து முடிவு செய்வது எல்லோரும் செய்கிற தவறு; நானும் செய்தேன். அவர்களுடைய பழைய நோட்டீஸ்களில் மிக நீளமான தலைப்பு ‘பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான இலவச கணிதப் பயிற்சி முகாம்’. ‘மாணவர்களுக்கான’ ஒரே சொல். பெட்டி குறுகினால் அது பாதியில் உடையும், அல்லது பவர்பாயின்ட் தானாக எழுத்தைச் சிறிதாக்கிவிடும். பெட்டியை முழு அகலத்துக்கு இழுத்தோம். Do not Autofit என்று அமைத்தோம். அதிகம் எழுதினால் எழுத்து வெளியே வழியட்டும், எழுதியவருக்கே தெரியும்.

இன்னொரு கணினியில் திறந்தபோது தலைப்பு வழிந்தது. ஆனால் எழுத்து அதிகமில்லை. அங்கே Hind Madurai நிறுவப்படவில்லை, விண்டோஸ் தன்னிடமிருந்த Nirmala UI-ஐப் போட்டிருந்தது. எழுத்துருக் கோப்பையும் வார்ப்புருக்களையும் ஒரே ஃபோல்டரில் வைத்தோம். வெளியே போவது எப்போதும் பி.டி.எஃப். அல்லது படம்.

கடைசியாக, இந்த வேலையில் கலக்காத ஒரு கல்லூரி மாணவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பின்னால் நின்றோம். தலைப்பு, தேதி எல்லாம் சரியாகவே போட்டார். போனில் நெட்டாக எடுத்த படத்தைச் சேர்த்ததும், அகலமான பெட்டிக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டுப்பட்டு, ஆசிரியரின் தலை காணாமல் போனது. “அண்ணா, சாருக்குத் தலை இல்லையே?” என்றார். அன்றைக்கே படப்பெட்டியைச் சதுரமாக்கினோம்.